2% என்று சொல்லி ஒரு ஃபேக்டரிங் ஆஃபர் வந்திருக்கிறது, எடுக்கலாமா?

அட்டைப்பெட்டி | மார்ச் 3, இரவு 9:40

பேக்கிங் பெட்டி செய்து கொடுக்கிறேன். என் விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே பெரிய கம்பெனிக்குத்தான் போகிறது. மாதத்துக்குச் சுமார் 10 லட்சம் பில். ஒப்பந்தத்தில் கெடு 60 நாள். பணம் வருவது 90, 95, சில நேரம் 100 நாள். போன் செய்தால் "பிராசஸில் இருக்கிறது" என்பார்கள். வங்கி ஓவர்டிராஃப்ட் விளிம்புவரை போய் நிற்கிறது.

இப்போது ஒரு நிதி நிறுவனம் பில்லை எடுத்துக்கொண்டு 80% உடனே தருகிறேன், மாதம் 2% என்கிறது. அதாவது வருடத்துக்கு 24%. என் மார்ஜின் 12%. வட்டி மார்ஜினைப்போல் இரண்டு மடங்கு, அப்படியென்றால் நஷ்டம்தானே? யாராவது எடுத்து நடத்திப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

பில்தாசன் | மார்ச் 3, இரவு 10:15

24% எல்லாம் இந்தத் தொழிலில் சகஜம். ஒன்றே ஒன்று பாருங்கள்: நான்-ரிகோர்ஸா என்று கேளுங்கள். ஆம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடலாம். கம்பெனி பணம் தராவிட்டால் அது அவர்கள் தலைவலி. நான் நான்கு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

லெட்ஜர் | மார்ச் 4, காலை 6:50

கண்ணை மூடிக்கொண்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு ஃபேக்டரிங் நிறுவனத்தில் வருடக்கணக்காக பில் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தேன், இப்போது சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். இரண்டு பக்கமும் பார்த்தாயிற்று.

முதலில், 12% மார்ஜினையும் 24% வட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. மார்ஜின் ஒரு பில்லுக்கு. வட்டி ஒரு வருடத்துக்கு. ஒரு பில்லில் எவ்வளவு போகிறது என்று பார்த்தால்தான் இரண்டும் ஒரே அளவுக்கு வரும்.

இரண்டாவது, அது 24% என்பதே சந்தேகம். ஆஃபர் கடிதத்தில் இரண்டு விஷயம் தேடுங்கள். 2% எதன்மேல், கையில் தரும் 8 லட்சத்தின்மேலா, பில்லின் முழு 10 லட்சத்தின்மேலா? மாதம் என்பது நாள் கணக்கா, அல்லது "30 நாள் அல்லது அதன் பகுதி" என்று போட்டிருக்கிறார்களா? இதற்குப் பதில் வராமல் மேலே பேசிப் பயனில்லை.

அட்டைப்பெட்டி | மார்ச் 4, மதியம் 1:05

கடிதத்தை இப்போதுதான் முழுதாகப் படித்தேன். "பில் தொகையின்மேல் 2%, ஒவ்வொரு 30 நாளுக்கும் அல்லது அதன் பகுதிக்கும்." இரண்டுமே நீங்கள் பயந்த பக்கம்தான். சர்வீஸ் சார்ஜ் தனியாக இல்லை என்று பெருமையாகச் சொன்னார்கள்.

லெட்ஜர் | மார்ச் 4, இரவு 8:30

சர்வீஸ் சார்ஜ் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் தனியாகத் தேவைப்படவில்லை.

கணக்கைப் போட்டுவிடுவோம். 10 லட்சம் பில், 8 லட்சம் அட்வான்ஸ், கம்பெனி 95-வது நாள் பணம் போடுகிறது. 95 நாள் என்றால் மூன்று முழு 30 நாளும் மிச்சம் 5 நாளும். அந்த 5 நாளும் ஒரு முழு மாதம்தான். நான்கு மாதம், மாதம் 20,000, மொத்தம் 80,000. உங்கள் கையில் இருந்தது 8 லட்சம், ஆக அதன்மேல் 10%. 95 நாளுக்கு 10% என்றால் வருடத்துக்கு 38% சொச்சம்.

ஆனால் 38 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், இந்த எண்ணைப் பாருங்கள்: ஒரு பில்லில் உங்கள் மார்ஜின் 1,20,000. அதில் 80,000 அவர்களுக்கு. உங்களுக்கு மிச்சம் 40,000.

இதே பில்லுக்கு வேறொரு மாதிரியில் ஆஃபர் வாங்கியிருந்தால்: அட்வான்ஸ்மேல் வருடத்துக்கு 18%, நாள் கணக்கில், கூடவே பில்மேல் 1% சர்வீஸ் சார்ஜ். 8 லட்சத்துக்கு 95 நாள் வட்டி 37,479. சர்வீஸ் 10,000. மொத்தம் 47,479. கேட்கும்போது "18-உம் சேர்த்து 1-உம்" என்பது "2"-ஐவிடப் பயமாக இருக்கும். கணக்குப் போட்டால் 32,000-க்கு மேல் மிச்சம். இந்தத் தொழிலில் விலையைச் சொல்லும் விதத்திலேயே பாதி வியாபாரம் முடிந்துவிடும்.

பில்தாசன் | மார்ச் 4, இரவு 9:02

அக்கா, நீங்கள் சொல்வது சரி, ஆனால் ஒரு பக்கம்தான். அந்த 8 லட்சம் முன்னாடியே வந்தால் காகிதத்தை ரொக்கத்துக்கு வாங்கலாம், சப்ளையர் 3% குறைப்பார். இன்னொரு ஆர்டரும் பிடிக்கலாம். அந்த லாபத்தை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை? சதவீதத்தை வருடமாக மாற்றிப் பயமுறுத்துவது வங்கிக்காரர்கள் வேலை.

லெட்ஜர் | மார்ச் 4, இரவு 9:20

அது நியாயமான வாதம். புது ஆர்டர் கையில் இருந்து, பணம் இல்லாததால் விடுகிறார் என்றால் 80,000 கொடுத்தும் எடுக்கலாம். பழைய ஓவர்டிராஃப்ட் ஓட்டையை அடைக்கத்தான் என்றால் எடுக்கக் கூடாது. அட்டைப்பெட்டி, இதில் எது உங்கள் நிலைமை?

அட்டைப்பெட்டி | மார்ச் 4, இரவு 9:31

பாதிப் பாதி. (இந்தப் பதிலை என் மனைவி பார்த்தால் "முக்கால் ஓட்டை" என்பாள்.)

மைவண்ணம் | மார்ச் 5, காலை 11:12

நல்ல நேரத்தில் பேசுகிறீர்கள். நான் டிசைன் வேலை செய்கிறேன். ஒரு வாடிக்கையாளர் ஒரு வருடத்துக்கு மேலாகப் பணம் தரவில்லை, மெயிலுக்கும் பதில் இல்லை. லோகோ பிடிக்கவில்லை என்று ஒரு முறை சொன்னதோடு சரி. அந்த பில்லை ஃபேக்டரிங்கில் விற்க முடியுமா? 80% கூட வேண்டாம், 50% கிடைத்தாலும் போதும்.

லெட்ஜர் | மார்ச் 5, மதியம் 12:40

முடியாது. கெடு தாண்டாத, தகராறு இல்லாத, வரும் என்று நம்பக்கூடிய பில்லைத்தான் எடுப்பார்கள். கெடு தாண்டி 90 நாள் ஆனாலே பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த பில் தகுதிப் பட்டியலிலிருந்து வெளியே. உங்களுக்கு வேண்டியது வசூல் ஏஜென்சியோ வக்கீலோ. "பிடிக்கவில்லை" என்று சொன்ன மெயிலைப் பத்திரமாக வைத்திருங்கள். வேலையைப் பயன்படுத்திக்கொண்டே பிடிக்கவில்லை என்கிறாரா என்பதையும் பாருங்கள்.

வண்டிக்காரன் | மார்ச் 5, இரவு 10:50

லாரி ஓட்டுகிறவன் கதையையும் கேளுங்கள். நானும் ஒரு பெரிய கம்பெனி பில்லை ஃபேக்டரிங்கில் போட்டேன். நான்-ரிகோர்ஸ்தான், பில்தாசன் சொன்ன அதே மந்திரம். மூன்றாவது மாதம் நிதி நிறுவனத்திலிருந்து கடிதம்: இந்த பில்லுக்கான அட்வான்ஸைத் திருப்பிக் கட்டு அல்லது வேறு பில் கொடு. கம்பெனி திவாலாகவில்லை, நன்றாகத்தான் நடக்கிறது. சரக்கு ஈரமாக வந்தது என்று கிடங்கில் யாரோ ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டி மொத்த பில்லையும் நிறுத்திவிட்டார்கள். ஈரமானது பத்து மூட்டை. நின்றது முழு வாடகை. நான்-ரிகோர்ஸ் என்ற வார்த்தைக்கு அங்கே மதிப்பே இல்லை.

பில்தாசன் | மார்ச் 5, இரவு 11:04

அது உங்கள் ஒப்பந்தம் மோசம் அண்ணே. எனக்கு இப்படி வந்ததே இல்லை.

லெட்ஜர் | மார்ச் 6, காலை 7:25

ஒப்பந்தம் மோசமில்லை. எல்லா ஒப்பந்தமும் அப்படித்தான். பில்தாசன், உங்களுக்கு வராதது உங்கள் சரக்கில் தகராறு வராததால்.

நான்-ரிகோர்ஸ் என்பது ஒரே ஒரு ஆபத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது: வாங்கியவருக்குக் கொடுக்க வழியில்லாமல் போவது. சில ஒப்பந்தங்களில் கெடு தாண்டி இத்தனை நாள் காரணமே சொல்லாமல் கொடுக்காமல் இருந்தாலும் அதில் சேரும். ஆனால் "சரக்கு சரியில்லை", "எண்ணிக்கை குறைவு", "விலை தப்பு", "போன மாத டெபிட் நோட்டைக் கழிக்கிறேன்" என்று வாங்கியவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது தகராறு. தகராறான பில் உங்கள் தலையில் திரும்பி வரும். பில்லை விற்கும்போது "இந்தத் தொகை முழுதாகச் சேர வேண்டியது, யாரும் எதிர்க்கவில்லை" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிறீர்கள் அல்லவா, அந்த உறுதிமொழி உடைந்துவிடுகிறது. நிதி நிறுவனத்துக்குப் பெட்டியின் பசை பற்றி என்ன தெரியும்? அந்த ஆபத்தை அது ஒருநாளும் வாங்காது.

பெரிய கம்பெனி திவாலாவது அபூர்வம். பெரிய கம்பெனி கழித்துக்கொள்வது தினசரி. நான்-ரிகோர்ஸுக்கு கூடுதல் கட்டணம் கேட்டால், எதற்குக் காப்பு வாங்குகிறோம் என்று யோசியுங்கள்.

அந்த 20%-ஐ ஏன் பிடித்து வைக்கிறார்கள் என்பதற்கும் இதுதான் விடை. முதல் தடவை போகிறவரிடம் கடந்த ஒரு வருட பில்லையும் வந்த பணத்தையும் கேட்பார்கள். 100 ரூபாய் பில்லுக்கு சராசரியாக 97 தான் வந்தது என்றால், கழிவு 3. அது ஐந்தாறு என்று ஏறினால் அட்வான்ஸ் 80-லிருந்து 75, 70 என்று இறங்கும். இந்த எண்ணை அவர்கள் கண்டுபிடிக்கும் முன் நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முன்னே போட்ட கணக்கில் இதைச் சேர்த்துப் பாருங்கள். கம்பெனி 30,000 கழித்து 9,70,000 அனுப்புகிறது. 18-உம் 1-உம் சேர்ந்த ஆஃபரில் 8 லட்சம் அட்வான்ஸும் 47,479 கட்டணமும் போக உங்களுக்கு வரும் மீதி 1,22,521. உங்கள் 2% ஆஃபரில் 90,000. கட்டணம் கழிக்காத முழு பில்லின்மேல் என்பதைக் கவனியுங்கள். கம்பெனி கழித்த 30,000-க்கும் நீங்கள் நான்கு மாதம் 2% கட்டியிருக்கிறீர்கள்.

வண்டிக்காரன் | மார்ச் 6, காலை 8:10

அந்த பத்து மூட்டைக்கு மட்டும் கிரெடிட் நோட் போட்டு மீதி பில்லை விடுவித்திருக்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னார்.

லெட்ஜர் | மார்ச் 6, காலை 8:18

அதுதான் சரியான வழி. தகராறான பகுதிக்குக் கிரெடிட் நோட், அதன் நகல் அன்றே நிதி நிறுவனத்துக்கு. ஒளித்து வைத்தால்தான் வினை.

அட்டைப்பெட்டி | மார்ச் 8, மாலை 5:45

ஒரு திருப்பம். நிதி நிறுவனத்தின் ஆள் வந்து பேசினார். "கம்பெனி பில்லை ஒப்புக்கொண்டு உறுதி தந்த பிறகுதான் 80% விடுவோம்" என்றார். நான் பில் போட்ட மறுநாள் பணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! உறுதி எப்போது வரும் என்று கேட்டதற்கு "அது உங்கள் கஸ்டமரைப் பொறுத்தது" என்று சிரித்தார்.

லெட்ஜர் | மார்ச் 8, இரவு 9:55

அவர் சிரித்த இடத்தில்தான் உங்கள் பிரச்சினையே இருக்கிறது. பில் சரிபார்க்கும் மேசையில் நாங்கள் கேட்பது மூன்று கேள்வி: சரக்கு வந்ததா, தொகை சரியா, கழிக்க ஏதும் உண்டா. வாங்கியவரின் அக்கவுண்ட்ஸிலிருந்து எழுத்தில் ஆம் வரவேண்டும். அதற்கு முன் ஒரு பைசா போகாது. (உறுதி கேட்காமல் கொடுக்கும் இடங்களும் உண்டு. வாங்கியவருக்குத் தெரியாமல் நடக்கும் டிஸ்கவுண்டிங்கில் கேட்க முடியாது. அதைப் பெரும்பாலும் ஒழுங்கான தணிக்கைக் கணக்கு உள்ள, கொஞ்சம் வளர்ந்த நிறுவனங்களுக்குத்தான் தருவார்கள்.)

இப்போது உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கடைசியாகப் பணம் வந்த ஒரு பில்லை எடுங்கள். சரக்கு போன தேதி, அவர்கள் கிடங்கில் வரவு போட்ட தேதி, அக்கவுண்ட்ஸ் பில்லை ஏற்ற தேதி, பணம் வந்த தேதி. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி இங்கே போடுங்கள். 95 நாள் என்பது ஒரே தாமதமாக இருக்காது.

பில்தாசன் | மார்ச் 9, காலை 10:00

அட இது நல்ல விஷயம், நானே செய்து பார்த்ததில்லை.

அட்டைப்பெட்டி | மார்ச் 11, இரவு 8:15

அவர்கள் அக்கவுண்ட்ஸில் ஒரு தம்பி தேதியெல்லாம் எடுத்துக் கொடுத்தார். சரக்கு போனது 0 நாள் என்று வைத்தால்: கிடங்கு வரவு 6-ஆம் நாள். பில் "நிறுத்தம்" என்று கிடந்தது 34-ஆம் நாள்வரை. ஏற்றது 34. அங்கிருந்து 60 நாள் எண்ணுகிறார்கள், அது 94. பணம் விடுவது மாதத்துக்கு இரண்டே தடவை, அது விழுந்தது 97.

அதாவது 60 நாள் கெடுவை அவர்கள் மீறவே இல்லையாம்! ஏற்ற தேதியிலிருந்து எண்ணுவதாகப் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

நிறுத்தத்துக்குக் காரணம் கேட்டேன். ஆர்டர் 10,000 பெட்டி, நான் அனுப்பியது 10,300. எங்கள் தொழிலில் கொஞ்சம் கூடக்குறைய வருவது வழக்கம், மெஷின் ஓட்டம் அப்படி. அனுப்பியதற்கெல்லாம் பில் போட்டேன். அவர்கள் சிஸ்டம் ஆர்டரையும் வரவையும் பில்லையும் ஒப்பிட்டு, எண்ணிக்கை ஒத்துப்போகாததால் தானாக நிறுத்திவிட்டது. யாரோ ஒரு மேலாளர் கையால் விடுவிக்க நான்கு வாரம். ஒவ்வொரு பில்லும் இப்படித்தானாம். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

லெட்ஜர் | மார்ச் 12, காலை 6:40

பிரமாதம். இப்போது அந்த 2% ஆஃபர் உங்களுக்கு உண்மையில் என்ன செய்யும் என்று பாருங்கள். 34-ஆம் நாள்தான் உறுதி வரும், ஆகவே 34-ஆம் நாள்தான் 8 லட்சம். பணம் 97-இல். இடையே 63 நாள், அதாவது 30 நாள் கணக்கில் மூன்று. 60,000 கட்டணம். முதல் 34 நாளுக்கு எந்த நிவாரணமும் இல்லை. அந்த நான்கு வாரத்தை ஃபேக்டரிங் தொடவே தொடாது.

மறுபக்கம், பில்லை ஆர்டர் எண்ணிக்கைக்கே போட்டாலோ, அல்லது அடுத்த ஆர்டரிலேயே "5% கூடக்குறைய ஏற்கப்படும்" என்று ஒரு வரியைச் சிஸ்டத்தில் பதிய வைத்தாலோ, நிறுத்தம் விழாது. 9-ஆம் நாள் பில் ஏற்கப்படுகிறது என்று வையுங்கள். 25 நாள் மிச்சம். மாதம் 10 லட்சம் விற்பனையில் 25 நாள் என்பது 8.2 லட்சம். அதாவது நிதி நிறுவனம் ஒரு பில்லுக்குத் தர வந்த அட்வான்ஸைவிடக் கொஞ்சம் அதிகம். அதுவும் வட்டி இல்லாமல், ஒரே தடவை பேசி, நிரந்தரமாக.

வண்டிக்காரன் | மார்ச் 12, காலை 9:30

முந்நூறு பெட்டிக்காக 8 லட்சம் மாட்டிக்கிடந்ததா? சும்மா கொடுத்திருந்தாலே லாபம் போலிருக்கிறதே.

பில்தாசன் | மார்ச் 12, மதியம் 2:20

அந்த 25 நாள் சரி. மீதி 70 நாள்? அது இன்னும் நிற்கிறதே. சம்பளம் கொடுக்க வேண்டாமா? ஃபேக்டரிங் தேவையே இல்லை என்று இழையை முடித்துவிடாதீர்கள்.

லெட்ஜர் | மார்ச் 12, இரவு 7:50

தேவையில்லை என்று சொல்லவில்லை. முதலில் இலவசமாகக் கிடைக்கும் நாளை எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு மட்டும் விலை பேசுங்கள் என்கிறேன். அப்படிப் பேசப் போகும் முன் இன்னும் இரண்டு கதவு பூட்டியிருக்கிறதா பாருங்கள்.

ஒன்று, வங்கி. அட்டைப்பெட்டி ஓவர்டிராஃப்ட் வைத்திருக்கிறார். அதற்கு ஈடாக வரவேண்டிய பாக்கிகளையும் எழுதி வாங்கியிருப்பார்கள், அநேகமாக எல்லா வங்கியும் வாங்கும். அப்படியென்றால் இந்த பில்களை இன்னொருவருக்கு விற்க வங்கியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். கடிதம் தரும்போதே ஓவர்டிராஃப்ட் வரம்பைக் குறைப்பார்கள். ஒரு கையில் 8 லட்சம் வந்து இன்னொரு கையில் 6 லட்சம் போனால், நீங்கள் வாங்கியது 2 லட்சம். கட்டணமோ 10 லட்சத்துக்கு.

இரண்டு, பர்ச்சேஸ் ஆர்டரின் அதே பொடி எழுத்து. "எங்கள் அனுமதி இல்லாமல் பாக்கியை மாற்றிக் கொடுக்கக் கூடாது" என்று இருக்கிறதா பாருங்கள். பல நாடுகளில் இப்படிப்பட்ட தடையைச் சட்டமே செல்லாததாக்கிவிட்டது. அமெரிக்காவில் வணிகச் சட்டத் தொகுப்பின் 9-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பிரிட்டனில் 2018-இல் வந்த விதிகள், பெரிய நிறுவனமல்லாத சப்ளையருக்கு அந்த ஆண்டு டிசம்பர் 31 முதல் செய்த ஒப்பந்தங்களில், சில விலக்குகள் தவிர, இந்தத் தடையை நீக்கின. உங்கள் ஒப்பந்தம் எந்தச் சட்டத்தின் கீழ் என்பதை வக்கீலிடம் ஒரு தடவை கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் பர்ச்சேஸ் மேலாளர் முகம் சுளிப்பாரா என்பது வேறு கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சில இடத்தில் கண்டுகொள்ள மாட்டார்கள், சில இடத்தில் "இவருக்குப் பண நெருக்கடி போலிருக்கிறது" என்று அடுத்த ஆர்டரைப் பிரித்துவிடுவார்கள்.

வண்டிக்காரன் | மார்ச் 13, காலை 7:05

மூன்றாவதையும் எழுதுங்கள். வங்கிக் கணக்கு மாற்றம். நிதி நிறுவனத்தின் கணக்குக்குப் பணம் போடச் சொல்லி நோட்டீஸ் போன பிறகும் கம்பெனிக்காரன் பழைய கணக்கிலேயே, என் கணக்கிலேயே போட்டுவிட்டான். அவர்கள் வெண்டர் பட்டியலில் மாற்றவில்லை. என் வங்கி அதை அப்படியே ஓவர்டிராஃப்ட்டில் வரவு வைத்துக்கொண்டது. நிதி நிறுவனம் என்னை மோசடிக்காரன்போல் பார்த்தது. அந்தப் பணத்தைப் புரட்டித் திருப்பிக் கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

லெட்ஜர் | மார்ச் 13, காலை 7:40

ஆமாம், அந்தப் பணம் உங்கள் கணக்கில் விழுந்தாலும் உங்கள் பணம் இல்லை. முதல் பில்லுக்கு அட்வான்ஸ் வாங்கும் முன் வெண்டர் பட்டியலில் புதுக் கணக்கு ஏறிவிட்டதை கம்பெனி எழுத்தில் சொல்ல வேண்டும். ஓவர்டிராஃப்ட் கணக்கில் தவறி விழுந்தால் என்ன செய்வது என்பதை வங்கியின் விடுவிப்புக் கடிதத்திலேயே ஒரு வரி போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அட்டைப்பெட்டி | மார்ச் 17, இரவு 9:10

பர்ச்சேஸ் மேலாளரைப் பார்த்தேன். 5% வரியை அடுத்த ஆர்டரிலிருந்து போடச் சம்மதித்துவிட்டார், அது இவ்வளவு லேசாக முடியும் என்று நினைக்கவே இல்லை. ஃபேக்டரிங் பேச்சை எடுத்ததும் அவரே இன்னொன்று சொன்னார்: அவர்களிடமே ஒரு திட்டம் இருக்கிறதாம். பில் ஏற்றதும் அவர்களுடைய வங்கி எனக்கு முழுத் தொகையையும், ஒரு சிறு கழிவு போக, கொடுத்துவிடும். கெடு நாளில் கம்பெனி வங்கிக்குக் கட்டும். வட்டி வருடம் 9% அளவில் வருமாம். ஒரே நிபந்தனை, கெடு 60-லிருந்து 120 ஆகும். எடுக்கலாமா?

பில்தாசன் | மார்ச் 17, இரவு 9:18

9%-க்கு யார் தருவார்கள், குதித்து ஏறுங்கள்!

லெட்ஜர் | மார்ச் 18, காலை 6:30

இது தலைகீழ் ஃபேக்டரிங். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம், வங்கி பார்ப்பது உங்களை அல்ல, கம்பெனியின் நாணயத்தை. பில்லையும் கம்பெனியே ஏற்றுச் சொல்லிவிடுவதால் தகராறுக்கும் இடம் குறைவு. 120 நாளுக்கு 9% என்றால் 10 லட்சத்துக்குச் சுமார் 29,600. 2% ஆஃபரில் கட்டவிருந்ததில் பாதிக்கும் குறைவு, அதுவும் முழுத் தொகைக்கு. கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் கவலை அந்த 120. திட்டம் நடக்கும்வரை உங்களுக்கு 9-ஆம் நாள் பணம். திட்டத்தை வங்கி நிறுத்திய நாள், உங்கள் கெடு 60 இல்லை, 120. பிரிட்டனின் கட்டுமானக் கம்பெனி கேரிலியன் இதற்கு உதாரணம். சப்ளையர்களுக்கு 120 நாள் கெடு, முன்னாடி வேண்டுமென்றால் வங்கித் திட்டத்தின் வழியே. 2018 ஜனவரியில் கம்பெனி கவிழ்ந்தபோது நீண்ட கெடுவும் நின்றுபோன திட்டமும் சேர்ந்து சப்ளையர்களை அடித்தன. இப்படிப்பட்ட திட்டங்களுக்குப் பணம் கொடுத்துவந்த கிரீன்சில் என்ற நிதி நிறுவனம் 2021 மார்ச்சில் கவிழ்ந்ததும் இதே வகைப் பணம் ஒரே நேரத்தில் பல இடங்களில் நின்றது. அந்த முறை விழுந்தது பணம் கொடுத்த பக்கம்.

வெளியில் இருந்து இது தெரியாமல் இருப்பதும் ஒரு தொல்லை. வங்கிக்குக் கட்ட வேண்டியதைக் கம்பெனிகள் பெரும்பாலும் கடனாகக் காட்டாமல் "சப்ளையர் பாக்கி" போன்ற தலைப்பில் காட்டிவந்தன. சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 2023 மே மாதம் விதியைத் திருத்தி, 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் ஆண்டுக் கணக்குகளில் இந்தத் திட்டங்களைத் தனியாக வெளியிடச் சொன்னது. உங்கள் வாடிக்கையாளர் அந்தத் தரத்தில் கணக்கு வெளியிடும் கம்பெனி என்றால் ஆண்டறிக்கைக் குறிப்புகளில் தேடுங்கள், தொகை எவ்வளவு என்று இருக்கும்.

பில்தாசன் | மார்ச் 18, காலை 9:45

அப்படிப் பார்த்தால் கம்பெனி கவிழ்ந்தால் 60 நாள் கெடுவிலும்தானே பணம் போகும்? 9% கிடைக்கும்போது பேயைக் காட்டாதீர்கள்.

லெட்ஜர் | மார்ச் 18, மதியம் 1:15

போகும். 60 நாளில் இரண்டு மாத பில் போகும், 120-இல் நான்கு மாத பில். ஆனால் திட்டம் ஓடும்போது வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று ஒப்பந்தம் தெளிவாகச் சொன்னால், நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மாட்டியிருப்பது ஏற்கப்படாத சில நாள் பில் மட்டும். நான் கேட்பது, "திட்டம் நின்றால் கெடு தானாகவே 60-க்குத் திரும்பும்" என்ற ஒரு வரி. பெரிய கம்பெனி தருமா என்று தெரியாது, கேட்டால் காசு கேட்க மாட்டார்கள்.

அட்டைப்பெட்டி | மார்ச் 24, இரவு 8:40

கேட்டேன். "சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்றார்கள். அதாவது பிராசஸில் இருக்கிறது. :)

இதற்கிடையில் முதல் நிதி நிறுவனம் நாள் கணக்குக்கு இறங்கி வந்துவிட்டது, வருடம் 19%, அட்வான்ஸ்மேல், சர்வீஸ் 0.75%. ஆனால் ஒரே வாடிக்கையாளர் பாதிக்கு மேல் என்பதால் மொத்த அட்வான்ஸுக்கு 12 லட்சம் உச்சவரம்பு. குறைந்தபட்சக் கட்டணமும் ஒரு வருட ஒப்பந்தமும் கேட்கிறார்கள்.

லெட்ஜர் | மார்ச் 25, காலை 7:00

ஒரு வருட ஒப்பந்தம் வேண்டாம். வேண்டும்போது மட்டும் பில் கொடுக்கும் முறை கேளுங்கள், விலை ஒன்றிரண்டு ஏறினாலும் பரவாயில்லை. உங்கள் பணத்தட்டுப்பாடு வருடம் முழுக்க இல்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, இப்போதுதான் தோன்றியது: அந்தக் கம்பெனியிடமிருந்து நீங்கள் ஏதாவது வாங்குகிறீர்களா? பிரிண்டிங் பிளேட், அச்சு, கழிவுக் காகிதம், எதுவானாலும்.

அட்டைப்பெட்டி | மார்ச் 25, இரவு 9:20

பிளேட் அவர்கள் செய்து கொடுத்து என் பெயரில் டெபிட் போடுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ஏன்?

லெட்ஜர் | மார்ச் 25, இரவு 9:41

அப்படியென்றால் நீங்களும் அவர்களுக்குக் கடன்காரர். அவர்கள் எந்த பில்லில் வேண்டுமானாலும் அதைக் கழிக்கலாம், நிதி நிறுவனத்திடம் விற்ற பில்லிலும். பில் உறுதியில் மூன்றாவது கேள்விக்கு "கழிக்க உண்டு" என்று பதில் வரும், அந்த மாத பில் முழுதும் நிற்கும். பிளேட் பாக்கியைத் தனியாகக் காசோலையில் கட்டி, இருப்புக் கணக்கு பூஜ்யம் என்று அவர்களிடம் எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் முதல் பில்லைக் கொடுங்கள். இப்போது எவ்வளவு நிற்கிறது?

அட்டைப்பெட்டி | மார்ச் 25, இரவு 9:58

பார்த்துச் சொல்கிறேன். அந்த டெபிட் நோட்டுகளை நாங்கள் தனி ஃபைலில்கூட வைக்கவில்லை.